பிரயாணச் செலவை யாரிடம் கேட்பது?

வடமராட்சியிலிருந்து வாசகர் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். அவருடைய மகனைக் கொழும்பிலுள்ள கம்பனி ஒன்று நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருக்கின்றதாம். அழைப்பு கம்பனியிடமிருந்து நேராக வரவில்லை. அதற்கு ஆள் தேடிக் கொடுக்கும் ஆட்சேர்ப்பு நிறுவனம் ஒன்றிலிருந்து மின்னஞ்சலில் வந்திருக்கின்றது. நாள், நேரம், இடம் யாவும் அதில் உண்டு. போய்வரும் செலவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "கேட்டுப் பார்" என்கின்றார் தந்தை. "வேலை கிடைக்க முன்னமே காசு கேட்கிறான் என்று நினைத்துவிடுவார்கள், வேண்டாம்" என்கின்றார் தாய். மகன் இருவருக்கும் நடுவே நிற்கின்றான். இவ்வழக்கைத் தீர்த்து வைக்கும் பொறுப்பு எமது தலையில் வந்து விழுந்திருக்கின்றது.

தந்தையின் பக்கமே தீர்ப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். ஆனால் தாயின் அச்சத்தையும் நாம் நன்கு அறிவோம். நாமும் ஒரு காலத்தில் அந்த அச்சத்தினாலேயே கேளாமல் இருந்து கைப்பணத்தை இழந்தவர்கள். 2003ஆம் ஆண்டில் கொழும்புக் காரியாலயம் ஒன்றிலிருந்து எமக்கு அழைப்பு வந்தது. யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் இல்லாத காலம் அது. வவுனியா வரை பஸ்ஸில் வந்து, முகமாலையிலும் ஓமந்தையிலும் இறங்கி ஏறி, அதன் பின்னர் புகையிரதம் பிடித்துக் கொழும்பைச் சேர்ந்தோம். தொலைபேசியில் பேசிய கனவான் ஒருவர், "செலவெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லியிருந்தார். பரீட்சை முடிந்து மூன்று வாரத்தின் பின் கேட்டபொழுது அந்தக் கனவான் அங்கே வேலையில் இல்லை. அவர் சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டோ என்று வேறொருவர் கேட்டார். இல்லை என்றோம். அத்துடன் அக்கதை முடிந்தது. "பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லில் யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது என்ற இரண்டும் இல்லை என்பது எமக்கு அப்பொழுது தோன்றவில்லை.

எனவே, எமது தமக்கையாரின் மகளுக்குக் கொழும்பிலிருந்து இதே போன்ற அழைப்பு வந்தபொழுது நாம் சற்று விழிப்பாகவே இருந்தோம். அவளுடைய கதையை விரிவாகச் சொல்லிவிட்டால் வடமராட்சி வாசகருக்கும் விடை கிடைத்துவிடும்.

அவள் இருப்பது சாவகச்சேரியில். கணக்கியற் பிரிவில் உதவியாளர் வேலை. அழைப்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்தது. பரீட்சை அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, கொள்ளுப்பிட்டியில். அன்றிரவே தமக்கையார் சீட்டுக்காசில் பத்தாயிரம் ரூபாவை எடுத்து மகளின் கையில் வைத்துவிட்டார். அம்மாதச் சீட்டுக்குக் கட்டவேண்டிய பணம் அது. மருமகள் எம்மிடம் வந்தாள்.

"மாமா, செலவைக் கேட்டால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவினமோ?"

"சொல்லமாட்டினம், பிள்ளை. ஆனால் இப்பவே கேட்கவேணும். போய் வந்து கேட்கிறதிலே பயனில்லை."

இவ்வாறு நாம் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆட்சேர்ப்பு அலுவலராக இருக்கும் ஒருவருக்கு இது புதுமையான கேள்வியன்று. வெளியூரிலிருந்து ஆட்களை அழைக்கும்பொழுதெல்லாம் அவர் கேட்டுப் பழகிய கேள்வியே. நேர்முகப் பரீட்சைக்கு நாள் குறித்து, மூன்று நான்கு மேலதிகாரிகளை ஓரிடத்தில் இருத்திவிட்டு, வரவேண்டியவர் வராமற் போனால் அவருக்கு உண்டாகும் சங்கடம் ஒரு புகையிரதச் சீட்டின் விலையிலும் பெரிது. அவர்கள் முகஞ்சுளிப்பது வேறு இரண்டு விதமான கேட்டலுக்கே. ஒன்று, முன்பு எதுவும் பேசாமல் பிரயாணம் முடிந்த பின்னர் செலவுப் பட்டியலைக் கொண்டுபோய் நீட்டுவது. மற்றது, பரீட்சை நடத்துவோர் வரிசையாக அமர்ந்திருக்கும் அறையில், "ஏதேனும் கேட்க விரும்புகின்றீரா?" என்று அவர்கள் கேட்கும்பொழுது பஸ் காசைப் பற்றிக் கேட்பது. அவர்கள் தொழிலைப் பற்றிப் பேச வந்தவர்கள். காசுக் கணக்கு அவர்களுடைய கையில் இல்லை.

இன்னுமொன்று. ஆட்சேர்ப்பு நிறுவனம் வேறு, கம்பனி வேறு. நிறுவனத்தின் அலுவலர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் உமது செலவைத் தருவது பெரும்பாலும் அவருடைய பணப்பையிலிருந்து அன்று, கம்பனியின் பணத்திலிருந்தே. ஆகவே அவர் "ஆம்" என்று சொன்னாலும், அது கம்பனியிடம் கேட்டுச் சொன்ன "ஆம்" ஆக இருக்கவேண்டும். அதனைச் சம்மதித்தவர் யார் என்பதும் எழுத்தில் வரவேண்டும். 2003இல் எமக்குத் தவறியது இதுவே.

சனிக்கிழமை காலை மருமகள் மின்னஞ்சல் எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதினாள், அதன் கருத்தைத் தமிழிற் தருகின்றோம்:

"அழைப்புக்கு நன்றி. வியாழக்கிழமை காலை 10 மணிக்கு வருவதை இதனால் உறுதிப்படுத்துகின்றேன். நான் சாவகச்சேரியிலிருந்து வருவதால் முதல் நாளே புறப்பட்டு ஓர் இரவு கொழும்பில் தங்க நேரும். நேர்முகப் பரீட்சைக்கு வரும் வெளியூர் விண்ணப்பதாரருக்குக் கம்பனி பிரயாணச் செலவை மீளளிப்பது உண்டா என்பதைத் தயவுசெய்து அறியத்தாருங்கள். உண்டெனில், எந்த வகைப் பிரயாணத்துக்கு, எவ்வளவு வரை, தங்குமிடமும் உணவும் அதில் அடங்குமா என்பதையும், பற்றுச்சீட்டுகளை யாருக்கு, எந்த முறையில், எத்தனை நாளுக்குள் அனுப்பவேண்டும் என்பதையும் அறிய விரும்புகின்றேன். திங்கட்கிழமைக்குள் பதில் கிடைப்பின் அதற்கேற்ப ஆசனம் பதிவு செய்ய உதவியாக இருக்கும்."

இக்கடிதத்தில் நாம் திருத்திய இடம் ஒன்றே. முதலில் அவள், "செலவு தந்தால் மாத்திரமே வரமுடியும்" என்ற பொருளில் ஒரு வசனம் எழுதியிருந்தாள். அது உண்மையன்று; எப்படியும் போகத்தான் போகின்றாள். உண்மையல்லாத மிரட்டலை எழுதிவிட்டு, மறுப்பு வந்தபின் போய் நிற்பது அழகன்று. ஆகவே வருகையை முதல் வசனத்திலேயே உறுதிப்படுத்திவிட்டு, கேள்வியைப் பின்னால் வைக்கச் சொன்னோம். பதில் வேண்டிய நாளைக் குறிப்பிட்டதும் காரணத்தோடுதான். ஆசனப் பதிவு என்று ஒரு காரணம் இருக்கும்பொழுது, அவசரப்படுத்துவதாக எவருக்கும் தோன்றாது.

திங்கள் பிற்பகல் பதில் வந்தது. கம்பனியின் மனிதவளப் பிரிவிடம் கேட்டதாகவும், அவர்கள் இணங்கியிருப்பதாகவும் அந்த அம்மையார் எழுதியிருந்தார். புகையிரதத்தில் இரண்டாம் வகுப்பு, அல்லது அதற்கு நிகரான பஸ் கட்டணம். கொழும்புக்குள் முச்சக்கர வண்டி. விடுதியிற் தங்கினால் ஓர் இரவுக்கு 6,000 ரூபா வரை. உணவுக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபா வரை. யாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். பரீட்சை முடிந்து பதினான்கு நாளுக்குள் மூலப் பிரதிகளைக் கம்பனியின் மனிதவளப் பிரிவுக்கு அனுப்பவேண்டும். பணம் வங்கிக் கணக்கில் வைப்புச் செய்யப்படும். மின்னஞ்சலின் பிரதி ஒன்று அப்பிரிவின் அலுவலருக்கும் போயிருந்தது. இதுவே நல்ல பதில். இதில் மயக்கத்துக்கு இடமில்லை.

எல்லாருக்கும் இப்படிப் பதில் வருமென்று நாம் சொல்லவில்லை. "நியாயமான செலவுகள் கவனிக்கப்படும்" என்று வந்தால், நியாயம் என்பதன் எல்லை எதுவென்று இன்னொரு முறை கேட்கவேண்டும்; அல்லது நீரே ஒரு தொகையைச் சொல்லி, "ஏறத்தாழ இவ்வளவு ஆகும், இது பொருந்துமா?" என்று எழுதலாம். பின்னது எளிது. "தெரிவு செய்யப்படுபவருக்கு மாத்திரம்" என்று வந்தால் அது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கைக்காசிற் போவதாக எண்ணியே போகவேண்டும். பதிலே வராவிட்டால் அது இணக்கமன்று. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது கலியாணப் பேச்சுக்குப் பொருந்தலாம், கணக்குப் பிரிவுக்குப் பொருந்தாது.

"இல்லை" என்று வந்தாலோ? அரசாங்க உத்தியோகங்களுக்கான அழைப்புக் கடிதங்களில் பிரயாணச் செலவு வழங்கப்படமாட்டாது என்ற வாசகத்தை நம்மவர் பலமுறை கண்டிருப்பர். அங்கே கேள்விக்கு இடமில்லை. தனியார் கம்பனியாயின், பணம் தர மறுத்தவர்கள் வேறு வசதி தர மறுப்பதில்லை. முதற் சுற்றைக் காணொளி வழியாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். இரண்டு சுற்றுகள் இருப்பின் இரண்டையும் ஒரே நாளில் வைக்கக் கேட்கலாம். காலை ஒன்பது மணியைப் பதினொன்றாக்கினால், இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலையில் இறங்குபவர் குளித்து உடைமாற்றிக்கொண்டு போக நேரம் கிடைக்கும். ஓர் இரவு விடுதிச் செலவு மிச்சமாகும். பணத்தைக் கேட்பதிலும் இதனைக் கேட்பது எளிது. பயனும் சில வேளைகளில் அதிகம்.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். எமது உறவினர் ஒருவரின் மகன் ஜேர்மனியில் வளர்ந்தவன். அவனிடம் இதைச் சொன்னபொழுது, "இதை ஏன் கேட்கவேண்டும்?" என்று வியந்தான். அந்நாட்டில், ஒரு முதலாளி விண்ணப்பதாரரை நேரில் வருமாறு அழைத்தால், அவசியமான பிரயாணச் செலவை அவரே தரவேண்டும் என்பது சட்டத்தின் நிலை. குடியியற் சட்டத்தின் 670ஆம் பிரிவை அடியாகக் கொண்டு நீதிமன்றங்கள் அவ்வாறு கொண்டிருக்கின்றன. தர விரும்பாத முதலாளி அதனை அழைப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். அங்கே மௌனம் விண்ணப்பதாரருக்குச் சாதகம். நமது வாசகரோ கையிலிருக்கும் எழுத்தையே நம்பிப் புறப்படவேண்டியவர். ஐரோப்பாவிலிருந்து நல்லெண்ணத்தோடு புத்தி சொல்லும் உறவினர் எல்லா வீடுகளிலும் இருப்பதால் இதனைச் சொல்லி வைத்தோம்.

மருமகளிடம் திரும்புவோம். இணக்கம் கிடைத்துவிட்டது, இனிச் சான்றுகளைச் சேர்க்கவேண்டும். பெரும்பாலானோர் இடறுவது இங்கேதான். ஏனெனில் நம் நாட்டுப் பிரயாணத்தில் சான்றுகள் கையில் நிற்பதில்லை. புகையிரதச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டை நிலையத்தில் இறங்கி வெளிவாயிலுக்கு வந்ததும் அங்கு நிற்பவர் சீட்டை வாங்கிக்கொள்வார். அதன் பின்னர் உமது கையில் இருப்பது வெறும் காற்று. ஆகவே வண்டியில் ஆசனத்தில் அமர்ந்தவுடனேயே சீட்டின் இரு புறத்தையும் கைத்தொலைபேசியிற் படம் பிடித்துவிடவேண்டும். திகதியும் கட்டணமும் வாசிக்கக்கூடியதாக இருக்கின்றனவா என்று அப்பொழுதே பார்த்துக்கொள்ளவேண்டும். மூலப் பிரதி கேட்பவர்களிடம், சீட்டு நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதிப் படத்தை இணைத்தால் போதும். கணக்காளர்களும் புகையிரதத்திற் போகின்றவர்களே.

முச்சக்கர வண்டியைச் செயலி வழியாக அழைத்தால் பற்றுச்சீட்டு மின்னஞ்சலில் வந்துவிடும். புறப்பட்ட இடம், இறங்கிய இடம், நேரம், கட்டணம் யாவும் அதில் இருக்கும். தெருவில் மறித்து ஏறும் வண்டியில் இவை கிடையா. ஆகவே கொழும்பில் செயலியையே பயன்படுத்துமாறு சொன்னோம். ஊரில் வீட்டிலிருந்து நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டவர் அயலவர். அவரிடம் செயலியும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. ஒரு துண்டுக் கடதாசியில் திகதி, "வீட்டிலிருந்து சாவகச்சேரி புகையிரத நிலையம் வரை", 400 ரூபா, வண்டி இலக்கம் என்று எழுதி அவரிடம் கையொப்பம் வாங்கினாள். "இதென்ன பிள்ளை, காணி உறுதியோ?" என்று அவர் சிரித்துக்கொண்டே ஒப்பமிட்டார். அத்துண்டு பின்னால் உதவியது.

கடைகளில் இயந்திரம் தரும் வழுவழுப்பான பற்றுச்சீட்டுகளைப் பற்றியும் எச்சரிக்கவேண்டும். அவை வெப்பத்தினால் எழுத்துத் தோன்றும் கடதாசிகள். வெயிலிலும் வெப்பத்திலும் கிடந்தால் எழுத்து மங்கி, சில வாரங்களில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படம் பிடித்துக்கொள்வதும், உறைக்குள் இட்டு வைப்பதும் நன்று.

புதன் காலை புறப்பட்டாள். இரவு வெள்ளவத்தையில் சின்னம்மா வீட்டிற் தங்கினாள். வியாழன் பரீட்சை முடிந்து, மதியம் ஒரு கடையிற் சாப்பிட்டு, பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்து, அங்கிருந்தே இரவு பஸ் ஏறி வெள்ளி விடியற்காலையில் வீடு வந்துவிட்டாள். சந்தியிலிருந்து தந்தையார் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்தார்.

இப்பொழுது ஒரு சோதனை வந்தது. விடுதிக்கு 6,000 ரூபா வரை உண்டு என்று எழுத்தில் இருக்கின்றது. அவளோ விடுதியிற் தங்கவில்லை. "தெரிந்தவர் ஒருவர் விடுதி வைத்திருக்கின்றார், ஒரு பில் எழுதித் தருவார், அந்தக் காசைச் சின்னம்மாவுக்குக் கொடுக்கலாமே" என்றார் ஒருவர். அவர் யாரென்று சொல்ல மாட்டோம், குடும்பத்துக்குள்ளே உள்ளவர். கூடாது என்று மறுத்துவிட்டோம். அறம் ஒருபுறம் இருக்கட்டும். அவள் கேட்டுப் போனது கணக்கு வேலை. தொலைபேசி இலக்கமுள்ள ஒரு பில்லைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். பொய்யென்று தெரிந்தால் வேலையும் போய், ஆட்சேர்ப்பு நிறுவனத்தின் பதிவேட்டில் பெயரும் கெட்டுவிடும். சின்னம்மாவுக்குத் தமக்கையார் கொடுத்தனுப்பிய பனாட்டும் மாம்பழமும் போதாதா? அவற்றின் விலையையும் பட்டியலிற் சேர்க்கலாமா என்று தமக்கையார் கேட்டதை இங்கே எழுத வேண்டாமென்று சொல்லியிருக்கின்றார்.

சனிக்கிழமையே பட்டியல் எழுதப்பட்டது. ஒரே ஒரு தாள். மேலே அவளுடைய பெயர், விண்ணப்பித்த பதவி, பரீட்சை நடந்த திகதி, இணக்கம் தெரிவித்த மின்னஞ்சலின் திகதி. அதன் கீழ் இலக்கமிட்டு ஒவ்வொரு செலவும். அதே இலக்கம் அந்தந்தப் பற்றுச்சீட்டின் மூலையிலும். வீட்டிலிருந்து நிலையம் 400. புகையிரதம் 2,100. கோட்டையிலிருந்து வெள்ளவத்தை 850. வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி 620. மதிய உணவு 780. திரும்ப வெள்ளவத்தைக்குப் பஸ் 60. இரவு பஸ் 2,700. ஆகக் கூடிய தொகை 7,510 ரூபா. அதன் கீழே வங்கியின் பெயர், கிளை, கணக்கு இலக்கம், வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே தன் பெயர். இப்பெயரில் பலர் தவறு செய்வர். விண்ணப்பத்தில் சுருக்கிய பெயரும் வங்கியில் தகப்பன் பெயரோடு நீண்ட பெயரும் இருந்தால், பணம் திரும்பிப் போகவும் கூடும்.

பற்றுச்சீட்டுகளை வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டி, எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு, மூலப் பிரதிகளைத் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பினாள். அன்றே மின்னஞ்சலில் படங்களை இணைத்து, பதிவுத் தபால் இலக்கத்தையும் குறிப்பிட்டு, மனிதவளப் பிரிவு அலுவலருக்கு எழுதினாள். ஆட்சேர்ப்பு அம்மையாருக்கும் பிரதி போயிற்று. தபால் தாமதித்தாலும் பதினான்கு நாளுக்குள் அனுப்பிவிட்டதற்கு இது சாட்சி.

ஒன்பதாம் நாள் ஒரு கேள்வி வந்தது. புகையிரத ஆசனம் பதிவு செய்யப்பட்ட தொலைபேசி இலக்கம் அவளுடையதன்று, அது யாருடையது? அது எம்முடையது. அவசரத்தில் நாமே எமது கைத்தொலைபேசியிற் பதிவு செய்து கொடுத்திருந்தோம். பதிவு செய்ததற்கு வந்த குறுஞ்செய்தியை அனுப்பி, நாம் அவளுடைய தாய்மாமன் என்றும், அவளுக்காகவே பதிவு செய்தோம் என்றும் இரண்டு வரி எழுதிக் கொடுத்தபின் சரியாயிற்று. ஆனால் அதனால் ஐந்து நாள் தாமதம். யார் பிரயாணம் செய்கின்றாரோ அவருடைய இலக்கத்திலேயே பதிவு செய்வது நல்லது என்பதை, பிறருக்குப் புத்தி சொல்லும் நாம் இப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

கடிதம் எழுதிய வாசகரின் மகன் கவனிக்கவேண்டிய வேறு இரண்டு விடயங்கள் உண்டு. அவர் அதே பிரயாணத்தில் இன்னொரு கம்பனிக்கும் பரீட்சைக்குப் போவதாகக் குறிப்பிட்டிருக்கின்றார். அவ்வாறாயின் வரும் செலவை ஒருவரிடமும் போகும் செலவை மற்றவரிடமும் கேட்கலாம். அல்லது இருவருக்கும் சொல்லிப் பாதியாகப் பிரிக்கலாம். ஒரே சீட்டை இருவரிடமும் காட்டக்கூடாது. இரண்டும் ஒரே ஆட்சேர்ப்பு நிறுவனத்தின் வழியாக வந்தவை என்று அவர் எழுதியிருப்பதால் இது மேலும் கவனமாகச் செய்யவேண்டியது. துணைக்கு வரும் தந்தையாரின் செலவை, முன்கூட்டிக் கேட்டு இணக்கம் பெறாவிட்டால், பட்டியலிற் சேர்க்க இடமில்லை.

மற்றது சற்றுக் கடுமையானது. பிரயாணச் செலவு என்ற பெயரில் ஏமாற்றுவோரும் உளர். "உமது பிரயாணத்தையும் விடுதியையும் நாமே ஒழுங்கு செய்கின்றோம், முன்பணமாக இவ்வளவை இந்தக் கணக்குக்கு அனுப்பும், நேர்முகப் பரீட்சை அன்று முழுவதும் திருப்பித் தரப்படும்" என்று எழுதுவார்கள். கடிதத் தலைப்பில் பெரிய கம்பனியின் இலச்சினை இருக்கும். கம்பனி ஒழுங்கு செய்வதானால் கம்பனியே சீட்டை வாங்கி அனுப்பும். நீர் செலவழிப்பதானால் பஸ்காரருக்கும் புகையிரத நிலையத்துக்கும் நேராகக் கொடுப்பீர். விண்ணப்பதாரரின் பணம் முதலில் அழைப்பவரின் கைக்குப் போகவேண்டிய ஒழுங்கு எதுவும் இல்லை. அப்படிக் கேட்டால், கடிதத்தில் உள்ள இலக்கத்தை விட்டு, கம்பனியின் பொதுத் தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்துக் கேட்டுப் பார்க்கவேண்டும். பணத்தை வைப்புச் செய்யக் கணக்கு இலக்கமும் பெயரும் கிளையும் போதும். கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையோ அட்டையின் இலக்கத்தையோ கேட்பவர் பணம் தர வந்தவரல்லர்.

பரீட்சை முடிந்து இருபத்தாறாம் நாள் மருமகளின் கணக்கில் 7,450 ரூபா விழுந்தது. கையெழுத்துத் துண்டின் 400 ரூபாவை ஏற்றுக்கொண்டார்கள். மாநகர பஸ்ஸின் 60 ரூபாவை வெட்டிவிட்டார்கள். அதற்கு அவள் சீட்டை வைத்திருக்கவில்லை. அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதே அம்மையார் இரண்டு மாதத்தின் பின் இன்னொரு கம்பனிக்காக அவளை அழைத்தபொழுது, மின்னஞ்சலின் கடைசிப் பந்தியில், கேளாமலேயே, பிரயாணச் செலவின் விபரம் எழுதப்பட்டிருந்தது.

தமக்கையாரின் சீட்டுக்காசு அந்த மாதம் ஒரு வாரம் பிந்தியே கட்டப்பட்டது. அவர் அதனை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றார்.